எது சட்ஜம்? நினைவில் நிற்கும் மெட்டும் அதைத் தேடும் வழியும்

சொற்கள் மறந்துபோய் மெட்டு மட்டும் நினைவில் தங்கிவிட்ட பாட்டைத் தேடுவது, பெயர் தெரியாத ஒருவரை அவருடைய நடையை மட்டும் சொல்லித் தேடுவதற்கு ஒப்பானது. நம் பாடல் நூல்கள் முதற்சொல்லின் அகரவரிசையிலோ இராகத்தின் பெயரிலோதான் அடுக்கப்பட்டிருக்கின்றன. முதற்சொல் இல்லாதவருக்கு இராகம் ஒன்றே வாயில். இராகத்தைச் சொல்ல வேண்டுமாயின் சுரங்களைச் சொல்ல வேண்டும். சுரங்களைச் சொல்ல வேண்டுமாயின் எது சட்ஜம் என்று முதலில் தீர்மானித்தாக வேண்டும். தேடல் தடுமாறுவது பெரும்பாலும் இந்த முதற்படியிலேயே.

'சுருதி மாறிவிட்டது' என்ற ஒரே தொடரால் இரு வேறு பிழைகளை நாம் குறிக்கிறோம். முதலாவது, உயரம் மாறுவது. ஒரே பாட்டை ஒருவர் ஒரு கட்டையிலும் மற்றொருவர் ஐந்து கட்டையிலும் பாடலாம். மெல்லிசைக் குழுவினர் 'என்ன ஸ்கேல்?' என்று கேட்பது இதைத்தான். ஆர்மோனியத்தில் அழுத்தப்படும் கட்டைகள் அனைத்தும் மாறினும் பாட்டு மாறுவதில்லை. இரண்டாவது, இருப்பிடம் மாறுவது. ஒலிகள் அதே உயரத்தில் நிற்க, அவற்றுள் எது சட்ஜம் என்பதைக் கேட்பவர் தவறாகக் கொள்வது. இங்கே கட்டைகள் எவையும் மாறவில்லை. ஆனால் சுரங்களின் பெயர்கள் அனைத்தும் மாறிவிடுகின்றன. அவற்றோடு இராகமும் மாறிவிடுகிறது.

மொழியியல் பயின்றோர்க்கு இது புதிதன்று. 'ஏ' என்னும் மேலைச் சுரப்பெயர் ஊர்ப்பெயர் போன்றது. யார் சொன்னாலும் அதே ஒலியைக் குறிக்கும். 'ச' என்பதோ 'இங்கே' என்னும் சுட்டுச்சொல் போன்றது. சொல்பவர் நிற்கும் இடத்தை அறியாமல் அதன் பொருளை அறிய இயலாது. ரி, க, ம முதலிய பிறவும் அந்தச் சுட்டிலிருந்தே அளக்கப்படுகின்றன. சுட்டு பிழைத்தால் தொடர் முழுதும் பிழைக்கும். ஆயினும் இலக்கணப் பிழை எதுவும் கண்ணில் படாது. இந்தக் கடைசிக் கூறுதான் தேடலைக் குழப்புவது. அதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

பெங்களூரு அடுகோடியில் வாழும் ஒரு மூதாட்டி. கணவருக்கு மைக்கோ தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால் தமிழ்நாட்டிலிருந்து அங்கே குடிபெயர்ந்தவர். அவருடைய மூத்த மகள் சிறுவயதில் அண்டை வீட்டு ஆசிரியை ஒருவரிடம் பாட்டுக் கற்றாள். நெடுநாள் கற்கவில்லை, சில மாதங்கள்தாம். அந்த மகள் இன்று இல்லை. அவள் மாலைதோறும் பாடிப் பழகிய ஒரு பாட்டின் முதல் அடி தாயின் நினைவில் எஞ்சியிருக்கிறது. பாட்டு அவருக்குத் தெரியாத மொழியில் அமைந்ததால் சொற்கள் ஒட்டவில்லை. 'னனன' என்று முனகவே வருகிறது. அதை முழுதாக ஒருமுறை கேட்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். பேரன் கீபோர்டு வாசிக்கப் பயின்றவன். மேலைச் சுரமுறை அறிந்தவன். தேடித் தரும் பொறுப்பை அவன் ஏற்றான்.

பாட்டி முனகியதைக் கைப்பேசியில் பதிந்துகொண்டு, கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்தி அவன் கண்டெடுத்த வரிசை இது: ஏ ஏ, சி சி, டி சி, எஃப் எஃப். அடுத்த துணுக்கில் ஜி என்னும் சுரமும் சேர்ந்தது. ஆக ஐந்து சுரங்கள். எல்லாம் வெள்ளைக் கட்டைகள். ஏ-யில் தொடங்கி வெள்ளைக் கட்டைகளில் மட்டும் நடப்பது 'ஏ மைனர்' என்பது அவன் கற்ற பாடம். எனவே ஏ-யைச் சட்ஜம் எனக் கொண்டான். அப்போது வரிசை இவ்வாறு அமைகிறது: ச ச, க க, ம க, த த. காந்தாரம் சாதாரணம், மத்யமம் சுத்தம், தைவதம் சுத்தம். பின்னால் வந்த ஜி கைசிகி நிஷாதம் ஆகிறது. பஞ்சமமும் ரிஷபமும் இல்லை. இவ்வைந்தையும் ஓர் இராகப் பட்டியலில் வைத்துப் பார்த்தால் ஐயத்துக்கு இடமின்றி ஒரு பெயர் கிடைக்கிறது: இந்தோளம்.

அவன் இந்தோளத்தில் அமைந்தவற்றைத் தேடத் தொடங்கினான். தியாகராசரின் 'சாமஜவரகமனா' முதலில் வந்தது. பாட்டி தலையசைத்து மறுத்தார். அடுத்து வர்ணங்கள், அடுத்துத் திரைப்பாடல்கள். 'சாயல் இருக்குடா, ஆனா அது இல்ல' என்பதே ஒவ்வொன்றுக்கும் விடையாயிற்று. சாயல் இருந்தது என்பது முக்கியம். முற்றிலும் தவறான சுரங்களைக் கொண்டு தேடியிருந்தால் சாயலும் இருந்திராது. பிழை உடனே புலப்பட்டிருக்கும்.

பிழை ஏன் புலப்படவில்லை? ஏ, சி, டி, எஃப், ஜி என்னும் இதே ஐந்து ஒலிகளில் எதைச் சட்ஜமாகக் கொண்டாலும் வழக்கிலுள்ள ஓர் இராகம் கிடைக்கிறது. எஃப் சட்ஜமானால் மோகனம். ஜி ஆனால் மத்யமாவதி. ஏ ஆனால் இந்தோளம். சி ஆனால் சுத்த சாவேரி. டி ஆனால் சுத்த தன்யாசி. ஐந்து கதவுகளும் திறக்கின்றன. ஐந்துக்குப் பின்னும் பாடல்கள் நிறைந்திருக்கின்றன. தவறான கதவு பூட்டியிருந்தால் தேடுபவர் திரும்பி வந்திருப்பார். திறந்திருப்பதால் உள்ளே சென்று அலைகிறார். இசையாளர் இதைக் கிரகபேதம் என்பர். கச்சேரியில் வேண்டுமென்றே செய்து காட்டினால் அது வித்தை, தேடலில் அறியாமல் நேர்ந்தால் அது குழப்பம்.

தமிழிசை மரபு இந்த உறவை மிகப் பழங்காலத்திலேயே முறைப்படுத்தியிருந்தது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு நரம்புகளில் குரலைக் குரலாகவே கொண்டால் செம்பாலை. துத்தத்தைக் குரலாகக் கொண்டால் படுமலைப்பாலை. இவ்வாறு ஏழு பாலைகளும் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் முறையைச் சிலப்பதிகாரத்தின் வழியாகவும் அதன் உரைகளின் வழியாகவும் அறிகிறோம். யாழின் கட்டு மாறவில்லை; குரல் எனக் கொள்ளும் நரம்பு மாறுகிறது; பண் மாறுகிறது. அடுகோடிப் பேரன் செய்தது, கைக்கிளை நின்ற இடத்தைக் குரல் என்று கொண்டதே.

இனி, சரியான சட்ஜத்தைக் கண்டறிவது எப்படி என்பது கேள்வி. முதல் எச்சரிக்கை: முதலில் ஒலிக்கும் சுரத்தைச் சட்ஜம் என்று கொள்ளலாகாது. காந்தாரத்திலோ பஞ்சமத்திலோ எடுக்கும் பாடல்கள் ஏராளம். எடுக்கும் சுரத்தைவிட நீண்டு நிற்கும் சுரம் நம்பத்தக்க சான்று. பேரன் தன் பதிவைத் திரும்பக் கேட்டு, எந்தச் சுரம் எத்தனை எண்ணிக்கை நிற்கிறது என்று குறித்தபோது, தொடக்கத்து ஏ இரண்டும் ஒவ்வோர் எண்ணிக்கையில் கடந்துவிட்டன. சி இரண்டும் இவ்விரண்டு எண்ணிக்கை நின்றன. டியும் அதையடுத்த சியும் கடந்தன. எஃப் இரண்டும் மீண்டும் இவ்விரண்டு எண்ணிக்கை நின்றன. ஆக எடையைத் தாங்கியவை சியும் எஃபும். அவன் சட்ஜமாகக் கொண்ட ஏ அன்று.

இரண்டாவது சோதனை சுருதியோடு வைத்துப் பார்ப்பது. கைப்பேசியிலேயே தம்புரா ஒலிக்கும் செயலிகள் உண்டு. ஏ-யைச் சட்ஜமாக வைத்து ஒலிக்கவிட்டால், அதன் பஞ்சமமாகிய ஈ தொடர்ந்து பின்னணியில் நிற்கும். அதன்மேல் பாட்டி எஃபை நீட்டியபோது இரண்டும் உரசின. இரண்டுக்கும் இடையே அரைச்சுர இடைவெளிதான். பழகாத செவிக்கும் அது கேட்கும். ஆயினும் இது முடிவான சான்று ஆகாது. பஞ்சமம் இல்லாத இந்தோளத்துக்குத் தம்புராவின் பஞ்சமத் தந்தியை மத்யமத்துக்கு இறக்கிக்கொள்வதுண்டு. அப்படிச் செய்தால் உரசல் மறைந்துவிடும். ஆகவே உரசலிலிருந்து பெறக்கூடியது ஐயம் மட்டுமே.

மூன்றாவது சோதனை எஞ்சிய இரு வேட்பாளர்களுக்கு இடையே. சியைச் சட்ஜமாக வைத்தால் நீண்டு நிற்கும் எஃப் மத்யமமாகிறது; அடி முடிவில் அது ஓய்வு பெறாமல் இன்னும் எங்கோ செல்ல வேண்டும் என்பதுபோலத் தொங்கி நிற்கிறது. எஃபைச் சட்ஜமாக வைத்தால், நீண்டு நின்ற சி பஞ்சமமாகிறது. நீண்டு நின்ற எஃப் மேல் சட்ஜமாகிறது. எடை தாங்கிய இரண்டு சுரங்களும் தம்புராவின் இரண்டு ஒலிகளிலும் கரைந்துவிடுகின்றன. தம்புராவை நான்கு கட்டைக்கு, அதாவது எஃபுக்கு, மாற்றியதும் பாட்டி கேளாமலே குரலைச் சற்று உயர்த்திப் பாடினார். 'இதுல பாடத்தான் சுகமா இருக்கு' என்றார். இசை இலக்கணம் அறியாத ஒருவரிடம் 'எது சட்ஜம்?' என்று கேட்டால் விடை கிடைக்காது. தம்புராவை ஒவ்வோர் இடமாக மாற்றி 'எதில் பாடச் சுகம்?' என்று கேட்டால் கிடைக்கும்.

இப்போது அதே எட்டு ஒலிகள்: க க, ப ப, த ப, ச ச. இறுதியிரண்டும் மேல் ஸ்தாயி. இராகம் மோகனம். தாளம் ஆறு எண்ணிக்கை: 'க க ப , ப ,' என்பது ஆறு, 'த ப ச , ச ,' என்பது ஆறு. மோகனம், ரூபகம், சில மாதங்களே கற்ற சிறுமி என்ற மூன்றையும் சேர்த்தால் தேட வேண்டிய இடம் கீர்த்தனைத் தொகுதி அன்று, தொடக்கப் பாடநூலின் கீதங்கள். அங்கே 'வரவீணா' தன் முதல் வரியிலேயே இந்தச் சுரங்களோடு காத்திருந்தது. கருநாடக இசை தொடங்கும் பிள்ளைகளுள் மிகப் பலர் பாடும் கீதம். மிக எளிதாகக் கிடைக்கும் ஒன்று, எது சட்ஜம் என்ற ஒரே பிழையால் அரிதாகிவிட்டிருந்தது.

இந்த இடத்தில் மேலைநாட்டின் ஒரு நூலை ஒப்பிடுவது பயன் தரும். ஹரால்டு பார்லோ, சாம் மார்கன்ஸ்டர்ன் ஆகிய இருவர் 1948-இல் இசைக்கருவிப் படைப்புகளின் மெட்டுகளுக்கு ஓர் அகராதி வெளியிட்டனர். ஏறத்தாழ 10,000 மெட்டுகள். சொற்களே இல்லாத மெட்டுகளை எந்த வரிசையில் அடுக்குவது? மெட்டு எந்த ஸ்கேலில் எழுதப்பட்டிருந்தாலும் அதைச் சி மேஜருக்கோ சி மைனருக்கோ பெயர்த்து, கிடைக்கும் சுர எழுத்துகளை அகரவரிசையில் வைத்தனர். எல்லாவற்றையும் ஒரே கட்டைக்குக் கொண்டுவந்ததால் உயரப் பிழை ஒழிந்தது. ஆனால் பெயர்ப்பதற்குத் தேடுபவர் மெட்டின் ஸ்கேலை முதலில் அறிந்திருக்க வேண்டும். அங்கேயும் இருப்பிடப் பிழை பதுங்கியிருக்கிறது.

பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியின் தொடக்கம் அதற்குப் பொருத்தமான சான்று. ஜி ஜி ஜி, ஈ-பிளாட். எஃப் எஃப் எஃப், டி. படைப்பு சி மைனரில் அமைந்தது. எனவே ஜி என்ற எழுத்தின்கீழ் அதைக் காண வேண்டும். ஆனால் இந்த எட்டு ஒலிகளை மட்டும் கேட்பவர் ஈ-பிளாட் மேஜர் என்று கொள்வதற்கும் இடமிருக்கிறது. சி என்ற ஒலி அவற்றுள் இன்னும் வரவே இல்லை. அப்படிக் கொண்டு சி மேஜருக்குப் பெயர்த்தால் ஈ ஈ ஈ சி, டி டி டி பி என்று வரும். தேடுபவர் வேறொரு எழுத்தின் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார். நம் கீதத்தையே இம்முறையில் வைத்துப் பார்த்தால், எஃபைத் தளமாகக் கொண்டவர் ஈ எழுத்திலும், ஏ-யைத் தளமாகக் கொண்டவர் சி எழுத்திலும் தேடுவர்.

ஆகவே எழுதும் முறை ஒவ்வொன்றும் ஒரு பிழையைத் தடுத்து மற்றொன்றுக்கு இடம் தருகிறது. நேரடியான கட்டைப்பெயர்கள் சட்ஜம் எதுவென்று கேட்பதில்லை. ஆனால் பாடுபவர் ஒரு கட்டை ஏறினால் எட்டு எழுத்துகளும் மாறிவிடும். சரிகம எழுத்துகள் எந்தக் கட்டைக்கும் அசைவதில்லை. ஆனால் சட்ஜம் தவறினால் எட்டும் தவறும். இரண்டையும் தவிர்க்க விரும்பினால், ஒலிகளைப் பெயரிடாமல் அவற்றின் இடைவெளிகளை மட்டும் எழுத வேண்டும். டெனிஸ் பார்சன்ஸ் 1975-இல் வெளியிட்ட மெட்டுத் தொகுப்பு இன்னும் எளிமையாக்கியது: அடுத்த ஒலி ஏறினால் U, இறங்கினால் D, மீண்டும் அதுவே ஆனால் R, முதல் ஒலிக்கு ஒரு விண்மீன் குறி. கீதத்தின் முதல் வரி நான்கு முறைகளிலும் இவ்வாறு அமையும். மூன்றாவது வரியின் எண்கள் அரைச்சுரக் கணக்கு.

```
A A C C D C F F
க க ப ப த ப ச ச
0 +3 0 +2 -2 +5 0
*RURUDUR
```

கீழே செல்லச் செல்லப் பிழையைத் தாங்கும் ஆற்றல் கூடுகிறது. அடையாளம் காட்டும் ஆற்றல் குறைகிறது. கடைசி வரிக்கு ஒத்த ஏற்ற இறக்கம் கொண்ட பாடல்கள் வேறு எத்தனையோ இருக்கும். மூன்றாவது வரியே நடுவழி. முனகுபவரின் சுருதி இறங்கிக்கொண்டே போகும் குறையையும் அது ஓரளவு தாங்கும். பக்க இசையின்றிப் பாடும் ஒருவர் நான்கு அடிகளுக்குள் அரைச்சுரம் இறங்கிவிடுவது இயல்பு. கட்டைப்பெயர்களில் எழுதினால் எஃப் இருந்த இடத்தில் திடீரென ஈ தோன்றும். இராகம் மாறிவிட்டதென்று மயங்க நேரும். இடைவெளிகளில் எழுதினால் சறுக்கிய அந்த ஓர் இடம் மட்டுமே பிழையாகும், மற்றவை நிலைக்கும்.

கைப்பேசிச் செயலிகளும் இதே பிரிவுக்கு உட்பட்டவையே. ஓடிக்கொண்டிருக்கும் பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் ஷாசாம் போன்றவை, அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவின் அதிர்வெண் உச்சிகளை நேரத்தோடு இணைத்து அடையாளமாகச் சேமிக்கின்றன. அவை அறிவது பாட்டை அன்று, பதிவை. அதே பாட்டை அதே பாடகர் வேறு கட்டையில் மற்றொரு மேடையில் பாடினால் அது அவற்றுக்கு வேறொரு பொருள். முனகலைக் கொண்டு தேட வேண்டுமாயின் உயரத்தை நீக்கி ஏற்ற இறக்கத்தை ஒப்பிடும் வகை வேண்டும். அதற்கும் ஒப்பிடத்தக்க பதிவு களஞ்சியத்தில் இருந்தாக வேண்டும்.

நினைவு உயரத்தை அறவே கைவிடுகிறது என்றும் சொல்லிவிட முடியாது. 1994-இல் உளவியலாளர் டேனியல் லெவிடின் 46 பேரைத் தமக்குப் பழகிய ஒலிப்பதிவுப் பாடல்களைப் பாடச் சொன்னபோது, இரு முறை பாடியதில் ஒரு முறையேனும் பதிவின் சுருதியிலேயே பாடியவர்கள் 40 விழுக்காட்டினர். ஒரே பதிவைப் பலமுறை கேட்டுப் பெற்ற நினைவுக்கு இது பொருந்தும். வீட்டில் ஒரு குழந்தை அன்றன்று வந்த சுருதியில் பாடக் கேட்ட நினைவுக்கு அப்படியொரு நிலையான உயரம் கிடையாது. எனவே திரைப்பாடலைத் தேடுபவர் தாம் முனகும் கட்டையை ஒரு சிறு சான்றாகக் கொள்ளலாம். வீட்டுப் பாட்டையும் கோயில் பாட்டையும் தேடுபவர் கொள்ளலாகாது.

நூலில் இராகவாரியாகத் தேட நேர்பவர், கிடைத்த சுரங்களுக்கு முதலில் பொருந்தும் இராகத்தோடு நின்றுவிடக் கூடாது. ஐந்து சுரங்கள் எனில் ஐந்தையும் மாறி மாறிச் சட்ஜமாக வைத்து, கிடைக்கும் இராகங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்வது நன்று. நீண்டு நிற்கும் சுரங்களும் தம்புராவும் அவற்றுள் இரண்டையோ மூன்றையோ விலக்கிவிடும். எஞ்சியவற்றுள் எது என்பதை மெட்டை நினைவில் வைத்திருப்பவரே சொல்லக்கூடும். அவர் பாடும்போது எந்தச் சுரத்தில் தயங்காமல் மூச்சுவிட்டு நிற்கிறார் என்பதைக் கவனித்தால் போதும்.